உஷார்! மூடியது என்றார்கள், ஆறு மாதத்தில் திறந்தது என்றார்கள்

2018 ஆகஸ்ட் 1. ரிசர்வ் வங்கியின் நாணயக் கொள்கைக் குழு ரெப்போ வட்டியை 6.25 சதவீதத்திலிருந்து 6.50 ஆக உயர்த்தியது. அன்று வெளியிட்ட தீர்மானத்தில் ஒரு வரி வருகிறது: உற்பத்தி இடைவெளி ஏறக்குறைய மூடிவிட்டது. அதாவது, நாட்டின் பொருளாதாரம் தன் முழுக் கொள்ளளவுக்கு ஓடுகிறது, இதற்கு மேல் வேகம் கூடினால் விலைதான் ஏறும் என்று பொருள்.

2019 பிப்ரவரி 7. கவர்னர் மாறியிருந்தார், ஆனால் குழு அதே குழு. இப்போது வட்டி 6.50 சதவீதத்திலிருந்து மறுபடி 6.25-க்கு இறங்கியது. இந்தத் தீர்மானத்திலும் அதே இடைவெளி பற்றி ஒரு வரி இருக்கிறது: அது ஓரளவு திறந்திருக்கிறது, உற்பத்தி கொள்ளளவுக்குக் கீழே சற்று இறங்கியிருக்கிறது.

ஆறே மாதம். மூடிய கதவு திறந்துவிட்டது. இந்த இரண்டு தீர்மானங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படித்த நாளிலிருந்து, வட்டி பற்றிய எந்த அறிவிப்பிலும் "உற்பத்தி இடைவெளி" என்ற சொல் வந்தால் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இரண்டு முறை படிக்கிறேன். நீங்களும் அப்படிப் படிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். ஏனென்றால் இந்த ஒரு எண், யாராலும் கண்ணால் பார்க்க முடியாத எண், உங்கள் வீட்டுக் கடனின் தவணைக்கு நேராக வந்து சேர்கிறது.

எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2019 அக்டோபர் 1 முதல், வங்கிகள் புதிதாகக் கொடுக்கும் மிதக்கும் வட்டி வீட்டுக் கடன்களை வெளியிலுள்ள ஓர் அளவுகோலோடு இணைக்க வேண்டும் என்பது விதி. பெரும்பாலான வங்கிகள் ரெப்போவோடு இணைத்தன. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வட்டியைத் திருத்த வேண்டும். ஆகவே ரெப்போ ஏறினால், முன்போல் வங்கி யோசித்து யோசித்து மெதுவாக ஏற்றுவதில்லை, அடுத்த காலாண்டிலேயே ஏறிவிடும். 30 லட்சம் கடன், 20 வருடம், 8.5 சதவீதம் என்றால் மாதத் தவணை சுமார் 26,035 ரூபாய். வட்டி 9.5 ஆனால் தவணை சுமார் 27,960. மாதம் இரண்டாயிரத்துக்குச் சற்றுக் குறைவுதானே என்று தோன்றும். ஆனால் தவணையைத் தொடாமல் காலத்தை நீட்டினால், 240 மாதக் கடன் ஏறக்குறைய 308 மாதக் கடனாகிவிடும். அறுபது வயதில் முடிய வேண்டியது அறுபத்தைந்தைத் தாண்டிப் போகும். ஒரு சதவீதத்தின் கனம் அவ்வளவு.

சரி, அந்தக் கதவு மூடியதா திறந்ததா என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? கழித்தல் கணக்குதான். நாடு உண்மையில் உற்பத்தி செய்வது ஒரு பக்கம். விலைவாசியைக் கிளப்பிவிடாமல் நீடித்து உற்பத்தி செய்யக்கூடியது மறுபக்கம். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவது உற்பத்தி இடைவெளி. கழித்தல் விடை எதிர்மறையாக வந்தால் சும்மா கிடக்கும் ஆலைகளும் ஆட்களும் இருக்கிறார்கள், வட்டியைக் குறைக்கலாம். நேர்மறையாக வந்தால் இழுத்துப் பிடிக்க வேண்டும். கேட்கும்போது இவ்வளவு எளிது. ஆனால் கழிக்கப்படும் இரண்டு எண்களுமே தீர்மானம் எடுக்கும் நாளில் கையில் இல்லை.

முதல் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 2018-19 நிதியாண்டின் ஜிடிபி வளர்ச்சிக்கு 2019 ஜனவரியில் வந்த முதல் முன்கூட்டிய மதிப்பீடு 7.2 சதவீதம். பிப்ரவரி இறுதியில் 7.0. மே 31-இல் 6.8. 2020 ஜனவரியில் 6.1. 2021 ஜனவரியில் 6.5. ஓர் ஆண்டு, ஐந்து எண்கள். 2018 ஆகஸ்டில் வட்டியை உயர்த்தும்போது ரிசர்வ் வங்கி அதே ஆண்டுக்குக் கணித்திருந்தது 7.4. அதற்கு முன்பு 2016-17-ஐப் பாருங்கள், எதிர்த்திசையில் ஓடுகிறது. பணமதிப்பிழப்பு நடந்த அந்த ஆண்டின் வளர்ச்சி முதலில் 7.1 சதவீதம் என்று வந்தது. 2019 ஜனவரியில் அது 8.2 ஆனது, அடுத்த ஜனவரியில் 8.3.

யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு முன்கூட்டிய மதிப்பீடு எப்படித் தயாராகிறது என்று பாருங்கள். ஜனவரி முதல் வாரத்தில் அது வெளியாகும்போது நிதியாண்டு முடிய இன்னும் ஏறக்குறைய மூன்று மாதம் இருக்கிறது. தொழில் உற்பத்திக் குறியீடு ஏழெட்டு மாதங்களுக்குத்தான் வந்திருக்கும். பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் கணக்கு செப்டம்பர் வரை. காரிஃப் பயிருக்கு முதல் மதிப்பீடு. வாகன விற்பனை, ரயில் சரக்கு, துறைமுகச் சரக்கு, வங்கி வைப்புகள், வரி வசூல். இவற்றை வைத்து மீதி மாதங்களை நீட்டிப் பார்க்கிறார்கள். சோமனூரில் நான்கு விசைத்தறி வைத்திருப்பவரின் கணக்கு யாரிடமும் இல்லை. அவரைப் போன்றவர்களின் உற்பத்தியைப் பெரிய நிறுவனங்களின் போக்கையும் வேறு சில குறியீடுகளையும் வைத்துத்தான் ஊகிக்கிறார்கள். சாதாரண காலத்தில் பெரிதும் சிறிதும் சேர்ந்தே ஏறி இறங்கும், ஊகம் தேறும். சிறிய தறியின் ஆர்டர் பெரிய ஆலைக்குப் போகும் காலத்தில் என்ன ஆகும்? பெரியதன் வளர்ச்சியைப் பார்த்துவிட்டுச் சிறியதும் வளர்ந்ததாகக் கணக்கு எழுதப்படும். பணமதிப்பிழப்புக்கும் ஜிஎஸ்டிக்கும் பிறகு இந்த விமர்சனம் பொருளாதார அறிஞர்களிடமிருந்து பலமாக எழுந்தது.

இது முதல் எண்ணின் கதை. ஆனால் இதைவிடப் பெரிய ஆபத்து இரண்டாவது எண்ணில், கொள்ளளவில் இருக்கிறது. புள்ளிவிவரம் ஒரு பைசா கூடத் திருத்தப்படாமல் இருந்தாலும் இடைவெளி தலைகீழாக மாற முடியும். நம்பக் கடினமாக இருக்கும், ஒரு சின்னக் கணக்கில் காட்டுகிறேன்.

ஒரு நாட்டின் உற்பத்தி வருடா வருடம் 100, 104, 108, 112 என்று போகிறது. ஐந்தாவது வருடம் 113. நீங்கள் அன்றைய மத்திய வங்கியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். வருடத்துக்கு 4 கூடுவது இந்த நாட்டின் இயல்பு என்பது அனுபவம். ஆகவே கொள்ளளவு 116 இருக்க வேண்டும், உற்பத்தியோ 113 தான், ஏறக்குறைய இரண்டரை சதவீதம் பள்ளம் என்று எழுதுகிறீர்கள். வட்டியைக் குறைக்கிறீர்கள். அடுத்த மூன்று வருடங்களின் உற்பத்தி 115, 117, 119 என்று வருகிறது. இப்போது திரும்பிப் பார்த்தால், நாட்டின் இயல்பு வேகமே 4-இலிருந்து 2 ஆகக் குறைந்துவிட்டது தெரிகிறது. புதுக் கோடு 113 வழியாகவே போகிறது. ஐந்தாவது வருடத்தில் பள்ளமே இல்லை. 113 என்ற எண் அன்றும் 113, இன்றும் 113. மாறியது, அதற்குப் பின்னால் வந்த மூன்று எண்கள் மட்டும்தான். அந்த மூன்றும் தீர்மானம் எடுத்த அன்று யாருக்கும் கிடைக்காது.

எல்லாப் போக்குக் கோடுகளுக்கும் இந்த நோய் உண்டு. நடுவில் உள்ள புள்ளிக்கு இருபுறமும் சாட்சி இருக்கிறது. கடைசிப் புள்ளிக்கு ஒரு புறம்தான். மத்திய வங்கி எப்போதும் கடைசிப் புள்ளியில்தான் நிற்கிறது. அத்தனாசியோஸ் ஒர்ஃபனிடிஸ், சைமன் வான் நார்டன் இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்காவின் பழைய புள்ளிவிவரங்களை, அன்றன்று வெளியான வடிவிலேயே எடுத்து, பல முறைகளில் இடைவெளியைக் கணக்கிட்டார்கள். அன்றைக்குத் தெரிந்த இடைவெளிக்கும் பின்னாளில் திருத்தப்பட்ட இடைவெளிக்கும் உள்ள வித்தியாசம், அந்த இடைவெளியின் அளவுக்கே பெரியதாக இருந்தது. அதிலும் பெரும்பங்கு ஜிடிபி எண்கள் திருத்தப்பட்டதால் வந்தது அல்ல, கோட்டின் கடைசி முனை ஆடியதால் வந்தது. ஒர்ஃபனிடிஸ் அன்று அமெரிக்க மத்திய வங்கியில் வேலை செய்தவர், பின்னாளில் சைப்ரஸ் மத்திய வங்கியின் கவர்னராக இருந்தவர். வெளியிலிருந்து குறை சொன்னவர் அல்ல.

இந்தப் பிழை எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதற்கு 1975-இன் அமெரிக்காவைப் பார்க்க வேண்டும். என் கணிப்பில் இந்த விஷயத்தில் அதைவிடப் பெரிய பாடம் இல்லை.

பொருளாதார அறிஞர் ஆர்தர் ஒக்கன் 1962-இல் ஒரு எளிய சூத்திரம் கொடுத்திருந்தார். கொள்ளளவை நேரடியாக அளக்க முடியாது, வேலையின்மை வீதத்தை அளக்க முடியும், ஆகவே இதிலிருந்து அதைப் பிடிக்கலாம் என்பது யோசனை. 4 சதவீத வேலையின்மையை முழு வேலைவாய்ப்பு நிலை என்று வைத்துக்கொண்டார். அதற்கு மேல் ஒவ்வொரு சதவீதப் புள்ளிக்கும் உற்பத்தி சுமார் 3.2 சதவீதம் இழக்கப்படுகிறது என்றார்.

P = A[1 + 0.032(U − 4)]

இதில் A உண்மையான உற்பத்தி, U வேலையின்மை வீதம், P கொள்ளளவு. 1960-களில் இது நன்றாகவே வேலை செய்தது. இப்போது 1975 மே மாதத்துக்கு வாருங்கள். வேலையின்மை 9 சதவீதம். சூத்திரத்தில் போட்டால் 5 புள்ளி, தலா 3.2, மொத்தம் 16. உற்பத்தி 100 என்றால் கொள்ளளவு 116. கொள்ளளவை அளவாக வைத்துச் சொன்னால் 14 சதவீதம் அளவுக்கு ஒரு பள்ளம். ஏழில் ஒரு பங்குப் பொருளாதாரம் சும்மா கிடக்கிறது என்று பொருள். இப்படி ஒரு எண்ணைக் கண்ட எந்த மனிதருக்கும், ஊருக்கு வேலை கொடுக்க வேண்டும், வட்டியை இறக்க வேண்டும் என்றுதான் தோன்றும்.

உண்மையில் நடந்தது வேறு. 1973 வாக்கில் அமெரிக்கத் தொழிலாளியின் உற்பத்தித்திறன் வளரும் வேகம் சட்டென்று குறைந்துவிட்டது. கொள்ளளவின் கோடு சாய்ந்துவிட்டது. கூடவே போருக்குப் பின் பிறந்த பெரிய தலைமுறையும் பெண்களும் பெருமளவில் வேலைச் சந்தைக்குள் வந்தார்கள். புதிதாக வருபவர்கள் வேலை தேடியும் மாறியும் இருப்பார்கள் என்பதால், விலை ஏறாமல் இருக்கக்கூடிய வேலையின்மையே 4 சதவீதத்திலிருந்து 6-ஐ ஒட்டி நகர்ந்திருந்தது. இரண்டுமே அன்று தெரியவில்லை. இன்று பின்னோக்கிப் போடும் கணக்குகளில் 1975-இன் அந்தப் பள்ளம் 5 சதவீதத்தை ஒட்டித்தான் வருகிறது. பள்ளம் இருந்தது உண்மை, மக்கள் வேலையிழந்தது உண்மை. ஆனால் நினைத்ததில் மூன்றில் ஒரு பங்குதான்.

இந்த வித்தியாசம் வட்டியில் எவ்வளவு என்று பார்ப்போம். ஜான் டெய்லர் 1993-இல் ஒரு விதி எழுதினார், அன்றைய அதிகாரிகளிடம் அது இல்லை, அளவுகோலாக மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பணவீக்கத்தோடு 2 கூட்டுங்கள். பணவீக்கம் 2-க்கு மேல் எவ்வளவோ அதில் பாதி கூட்டுங்கள். இடைவெளியில் பாதி கூட்டுங்கள், பள்ளமானால் கழியுங்கள். 1975 மே மாதத்தில் ஓராண்டுப் பணவீக்கம் சுமார் 9.5 சதவீதம். 9.5, 2, அப்புறம் 7.5-இல் பாதி 3.75, மொத்தம் 15.25. பள்ளம் 14 என்று நம்பினால் அதில் பாதி 7 கழியும், வட்டி 8.25 இருக்க வேண்டும். பள்ளம் 5 தான் என்று தெரிந்திருந்தால் 2.5 மட்டும் கழியும், வட்டி 12.75 இருக்க வேண்டும். இடைவெளி பற்றிய தப்பான நம்பிக்கை ஒன்றே நாலரைப் புள்ளியைத் தின்றுவிட்டது. அந்த மாதம் அமெரிக்காவின் குறுகிய கால வட்டி உண்மையில் சுமார் 5.2 சதவீதத்தில் இருந்தது. முந்தைய கோடையில் 13 சதவீதத்தை ஒட்டியிருந்ததை அங்கே இறக்கியிருந்தார்கள்.

கடைசி 3 புள்ளிக்கு இடைவெளியைக் குற்றம் சொல்ல முடியாது, அதை ஒப்புக்கொள்கிறேன். அன்றைய அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் ஆர்தர் பேர்ன்ஸ் மீது அரசியல் அழுத்தம் இருந்தது. தொழிற்சங்கக் கூலியும் எண்ணெய் விலையும்தான் விலைவாசியை ஏற்றுகின்றன, வட்டியால் அதைப் பெரிதாக அடக்க முடியாது என்ற நம்பிக்கையும் இருந்தது. எழுபதுகளின் பணவீக்கத்துக்கு எது முதல் காரணம் என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். ஆனால் ஒர்ஃபனிடிஸ் காட்டிய விஷயம் இதுதான்: அன்று அவர்கள் கையில் இருந்த எண்களை அப்படியே போட்டுப் பார்த்தால், அவர்கள் எடுத்த தீர்மானங்களில் பெரும்பகுதி நியாயமாகவே தெரிகிறது. கெட்ட எண்ணம் கொண்டவர்களோ விவரம் தெரியாதவர்களோ செய்த பிழை என்றால் ஆளை மாற்றினால் போதும். நல்லவர்கள், படித்தவர்கள், கையிலிருந்த சிறந்த எண்ணை நம்பிச் செய்த பிழை இது. அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

விளைவு தெரிந்ததுதான். 1976 இறுதியில் பணவீக்கம் 5 சதவீதத்தை ஒட்டி இறங்கியபோது வேலை முடிந்தது என்று தோன்றியது. 1977 ஜனவரியில் ஜனாதிபதியின் பொருளாதார ஆலோசகர் குழுவே கொள்ளளவுக் கணக்கைத் திருத்திக் கீழே இறக்கியது. அதற்குள் பணம் தளர்வாகவே பாய்ந்திருந்தது. 1980-இல் பணவீக்கம் 14 சதவீதத்தைத் தாண்டியது. அதைப் பிடிக்க மத்திய வங்கித் தலைவர் பால் வோல்க்கர் வட்டியை 19 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோனார். 1982 இறுதியில் வேலையின்மை 10.8 சதவீதம். 1975-இல் யாருக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று வட்டியை இறக்கினார்களோ, அதே உழைக்கும் மக்கள்தான் ஏழு வருடம் கழித்து வேலையிழந்து வரிசையில் நின்றார்கள்.

எதிர்த்திசைப் பிழையும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எப்போதும் வட்டியை ஏற்றச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். 1996-இல் அமெரிக்காவில் வேலையின்மை 5.1 சதவீதம் வரை இறங்கியது. அது அபாயக் கோட்டுக்குக் கீழே, விலை ஏறப்போகிறது, வட்டியை உயர்த்த வேண்டும் என்று மத்திய வங்கியின் குழுவிலேயே சிலர் வற்புறுத்தினார்கள். தலைவர் ஆலன் கிரீன்ஸ்பான் இசையவில்லை. அவருடைய சந்தேகம் புள்ளிவிவரத்தின் மீது. கம்பெனிகளின் லாபம் உயர்கிறது, விலை உயரவில்லை, கணினியில் முதலீடு குவிகிறது. அப்படியிருக்க, சேவைத் துறைகளில் உற்பத்தித்திறன் வளரவே இல்லை என்று அதிகாரபூர்வ எண் காட்டுகிறது. இது பொருந்தவில்லை, எண்தான் தப்பு என்றார். பின்னர் உற்பத்தித்திறன் எண்கள் மேல்நோக்கித் திருத்தப்பட்டன. 2000-இல் வேலையின்மை 4 சதவீதத்தை ஒட்டி இறங்கியும் பணவீக்கம் கட்டுக்குள்தான் இருந்தது. அந்த 1996-இல் கணிப்பு மாதிரிகள் சொன்னபடி வட்டியை ஏற்றியிருந்தால் லட்சக்கணக்கானோர் காரணமில்லாமல் வேலைக்கு வெளியே நின்றிருப்பார்கள்.

பேர்ன்ஸின் காலத்தில் கோடு கீழே சாய்ந்ததைக் காணவில்லை, கிரீன்ஸ்பான் காலத்தில் கோடு மேலே நிமிர்ந்ததை எண் காட்டவில்லை. இரண்டும் திருப்புமுனைகள். இந்த மதிப்பீடு மிக மோசமாகத் தப்புவது திருப்புமுனையில்தான். மத்திய வங்கிக்கு அது மிகவும் தேவைப்படுவதும் அதே திருப்புமுனையில்தான்.

மறுபடி நம் 2018-க்கு வருகிறேன். அந்த ஆகஸ்ட் உயர்வு முழுக்க இந்த எண்ணால் வந்தது என்று சொன்னால் அது நேர்மையாகாது. அப்போது சில்லறைப் பணவீக்கம் 5 சதவீதத்தை ஒட்டி இருந்தது, எண்ணெய் விலை ஏறிக்கொண்டிருந்தது, ரூபாய் சரிந்துகொண்டிருந்தது. செப்டம்பரில் ஐஎல் அண்ட் எஃப்எஸ் நிறுவனம் கடனைத் திருப்ப முடியாமல் விழுந்து, வங்கியல்லாத நிதி நிறுவனங்களின் பணப் புழக்கமே உறைந்தது. அதை ஆகஸ்டில் எந்தக் கணிப்பு மாதிரியும் சொல்லியிருக்காது. குழுவிலும் ஆறு பேரில் ஐந்து பேர்தான் உயர்வை ஆதரித்தார்கள், ஒருவர் எதிர்த்து வாக்களித்தார். ஆனாலும் அந்த ஆண்டின் 7.4 படிப்படியாக 6.1 வரை இறங்கிப் பிறகு 6.5 என்று நின்றதைப் பார்க்கும்போது, மூடிவிட்டது என்று அன்று எழுதிய உறுதி எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. 2019-இல் பிப்ரவரி தொடங்கி அக்டோபர் வரை ரெப்போவை 5.15 சதவீதத்துக்கு இறக்க வேண்டியதாயிற்று.

எதைப் பார்த்து உஷாராக வேண்டும்? என் வழக்கத்தைச் சொல்கிறேன். இடைவெளி எவ்வளவு என்று ஒற்றை எண்ணாகவோ, மூடியது, திறந்தது என்று ஒற்றைச் சொல்லாகவோ வந்தால் அதை நம்புவதில்லை. பல முறைகளில் போட்டு இத்தனையிலிருந்து இத்தனைக்குள் என்று அகலம் சொன்னால்தான் காது கொடுக்கிறேன். அந்த அகலம் பூஜ்யத்தின் இருபுறமும் பரவியிருந்தால், பள்ளமா மேடா என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை என்றுதான் பொருள். அடுத்து, அந்த இடைவெளியோடு மற்றவை ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கிறேன். பெரிய பள்ளம் இருக்கிறது என்று வங்கி சொல்கிறது, ஆனால் உணவும் எரிபொருளும் நீக்கிய பணவீக்கம் மாதக்கணக்கில் அசையாமல் உயரத்தில் நிற்கிறது என்றால், 1975-இன் வாசனை அடிக்கிறது. மேடு என்று சொல்கிறார்கள், ஆனால் கூலியும் அந்தப் பணவீக்கமும் சாதுவாக இருக்கின்றன, ரிசர்வ் வங்கியே காலாண்டுதோறும் நடத்தும் கணக்கெடுப்பில் ஆலைகளின் கொள்ளளவுப் பயன்பாடு தன் வழக்கமான அளவைத் தாண்டவில்லை என்றால், 1996-இன் பக்கம் இருக்கிறோம். இந்தக் கணக்கெடுப்பும் சில மாதம் பிந்தித்தான் வரும், உற்பத்தி ஆலைகளை மட்டுமே பார்க்கும். ஆனால் அது கேட்டுப் பெற்ற எண், கோடு நீட்டி எடுத்த எண் அல்ல.

மத்திய வங்கிகளும் இதிலிருந்து ஒன்றும் கற்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஒர்ஃபனிடிஸும் ஜான் வில்லியம்ஸும் சேர்ந்து முன்வைத்த வழி ஒன்று உண்டு. இடைவெளி எவ்வளவு என்பதை விட்டுவிடுங்கள், அது போன காலாண்டைவிடக் கூடுகிறதா குறைகிறதா என்பதை மட்டும் பார்த்து, வட்டியை இருக்கும் இடத்திலிருந்து கொஞ்சம் நகர்த்துங்கள் என்பது அதன் சாரம். கொள்ளளவின் மட்டத்தைத் தப்பாகப் பிடித்திருந்தாலும், அந்தத் தப்பு இரண்டு காலாண்டுகளிலும் ஒரே அளவில் இருந்தால் கழித்தலில் அடிபட்டுப் போகும். முழு மருந்து அல்ல, கொள்ளளவு வளரும் வேகமே மாறும்போது இதிலும் பிழை வரும். ஆனாலும் பதினான்கு சதவீதப் பள்ளம் என்று நம்பி உள்ளே விழுவதைவிட எவ்வளவோ மேல்.

என் மேஜையில் ஒரு நீளமான நோட்டு இருக்கிறது. ஒவ்வொரு நிதியாண்டுக்கும் ஒரு வரி, ஒவ்வொரு மதிப்பீட்டுக்கும் ஒரு கட்டம். ஜனவரி, பிப்ரவரி, மே, அடுத்த வருடத் திருத்தங்கள். பழைய எண்ணை அடிப்பதில்லை, பக்கத்திலேயே புது எண்ணை எழுதுகிறேன். முதல் மதிப்பீடு வந்ததும் தலைப்புச் செய்தி வந்துவிடும், நாலாவது திருத்தம் உள்பக்கத்தில் ஒரு பத்தியில் வரும் அல்லது வரவே வராது. ஆகவே யார் என்ன சொன்னாலும், இது எத்தனையாவது மதிப்பீடு என்று முதலில் கேளுங்கள்.

வீட்டுக் கடன் உள்ளவர்களுக்கு இன்னும் ஒன்று. ரெப்போ ஏறியதும் வங்கியிலிருந்து ஒரு குறுஞ்செய்தியோ கடிதமோ வரும். தவணைத் தொகை மாறவில்லை என்றதும் நிம்மதியாக மூடிவைத்துவிடாதீர்கள். மீதமுள்ள மாதங்கள் என்ற கட்டத்தைப் பாருங்கள், ஏற்றம் பெரும்பாலும் அங்கேதான் ஏற்றப்பட்டிருக்கும். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி பிறப்பித்த அறிவுறுத்தலின்படி, வட்டி திருத்தப்படும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலப்பதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை கடனாளிக்கு உண்டு. முன்கூட்டியே ஒரு பகுதியோ முழுவதுமோ கட்டும் வாய்ப்பையும் கொடுக்க வேண்டும். வங்கியின் கொள்கை இடம் கொடுத்தால் நிலையான வட்டிக்கும் மாறலாம். கிளைக்குப் போய் எழுத்தில் கேளுங்கள். இன்று உயர்த்திய வட்டிக்குப் பின்னால் இருந்த எண்ணை இரண்டு வருடம் கழித்துத் திருத்துவார்கள். அதற்குள் நீண்டுபோன 68 மாதங்களை யாரும் தாமாக வந்து திருத்தித் தர மாட்டார்கள்.